படம் ஓடுகிறது, பேச்சு வரவில்லை

பென் டிரைவில் உள்ள ஒரு படத்தை டிவியில் போட்டால் காட்சி துல்லியமாக ஓடுகிறது. சத்தம் மட்டும் வருவதில்லை. ரிமோட்டில் ஒலியளவை எவ்வளவு ஏற்றினாலும் மாற்றம் இல்லை. அதே டிவியில் சேனல்கள் ஒழுங்காகப் பேசுகின்றன, யூடியூபில் பாட்டு கேட்கிறது, அதே பென் டிரைவில் இருக்கும் இன்னொரு படம்கூடச் சத்தத்தோடு ஓடுகிறது. சில டிவிகள் திரையின் ஓரத்தில் "Audio codec not supported" என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு மறைத்துவிடும். சில டிவிகள் அதைக்கூடச் செய்வதில்லை. இப்படி நேரும்போது பழுது ஸ்பீக்கரிலும் இல்லை, பென் டிரைவிலும் இல்லை. படக்கோப்புக்குள் ஒலி எந்த முறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறதோ, அதை விரித்துத் தரும் டிகோடர் அந்த டிவியில் இல்லை. அப்படி விடுபட்டுப்போகும் முறை பெரும்பாலும் டி.டி.எஸ்.

இதில் குழப்பம் கூடுவதற்கு ஒரு காரணம் உண்டு. பத்து வருடப் பழைய டிவியில் நன்றாகப் பேசிய அதே கோப்பு, புதிதாக வாங்கிய விலை கூடிய டிவியில் ஊமையாகிறது. புதியது பழையதைவிடக் கூடுதலாகச் செய்யும் என்று நம்பி வாங்கியவர் டிவியைக் குறை சொல்கிறார். கடைக்காரர் பென் டிரைவைக் குறை சொல்கிறார். உண்மையில் புதிய டிவியில் அந்த வசதி வேண்டுமென்றே நீக்கப்பட்டிருக்கலாம்.

ஒரு கோப்பு, பல தடங்கள்

கணினியில் ஒரே கோப்பாகத் தெரியும் படம், உள்ளே பல தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. எம்.கே.வி. கோப்பை ஒரு டிபன் கேரியர் என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் அடுக்கில் காட்சி, அடுத்ததில் தமிழ் ஒலி, அதற்கடுத்ததில் தெலுங்கு ஒலி, இன்னொன்றில் சப்டைட்டில். கேரியரின் பெயர் உள்ளே இருக்கும் பண்டத்தைச் சொல்வதில்லை. `.mkv`, `.mp4`, `.avi` என்று கோப்பின் முடிவில் வரும் எழுத்துகள் அடுக்குகள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதை மட்டுமே காட்டும். ஒரு எம்.கே.வி. கோப்பு பேசி, மற்றொன்று பேசாமல் போவது இதனால்தான். கோப்பின் பெயரில் `.mkv` என்பதை அழித்து `.mp4` என்று எழுதிப் பார்ப்பவர்கள் உண்டு. அதனால் மாறுவது பெயர்தான். உள்ளே இருக்கும் ஒலி அப்படியே இருக்கிறது.

கோப்பின் தலைப்பகுதியில் எந்தெந்தத் தடங்கள் உள்ளன, ஒவ்வொன்றும் எந்த முறையில் எழுதப்பட்டிருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். எம்.கே.வி.யில் ஒலித்தடத்துக்கு `A_AAC`, `A_AC3`, `A_DTS` என்பது போன்ற அடையாளம் இருக்கும். டிவி முதலில் இந்தப் பட்டியலைப் படித்து, ஒவ்வொரு தடத்துக்கும் தன்னிடம் டிகோடர் இருக்கிறதா என்று பார்க்கிறது. காட்சிக்கு இருக்கிறது, ஒலிக்கு இல்லை என்று தெரிந்தால், படத்தையே மறுக்காமல் காட்சியை மட்டும் ஓட்டுகிறது. பார்ப்பவர் கண்ணில் படுவது இந்தப் பாதி வெற்றி.

ஒலியை ஏன் சுருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 5.1 என்று சொல்லப்படும் சூழொலியில் முன்னால் இடம், வலம், நடு, பின்னால் இடம், வலம் என ஐந்து தடங்களும், அதிரும் தாழ்ந்த ஒலிக்கு ஒரு தடமும் இருக்கின்றன. ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதினால், ஆறு தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு 46 லட்சம் பிட்டுகள் வரும். இரண்டரை மணி நேரப் படத்தின் ஒலி மட்டுமே 5 ஜி.பி.யைத் தாண்டிவிடும். டிஸ்க்குகளில் வரும் வழக்கமான டி.டி.எஸ்., இதை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக, நொடிக்கு 15 லட்சம் பிட்டுகளாகச் சுருக்குகிறது. டால்பி டிஜிட்டல் இன்னும் இறுக்கிச் சுருக்கும். டி.வி.டி.யில் அது நொடிக்கு நான்கரை லட்சம் பிட்டுக்குள் முடிந்துவிடும். இரண்டு முறைகளின் சூத்திரமும் வேறு; ஒன்றின் டிகோடரால் மற்றொன்றைத் திறக்க முடியாது. டி.டி.எஸ். அதிக இடம் எடுப்பதால் அதுவே உயர்ந்தது என்று ரசிகர்கள் பலகாலம் வாதாடியிருக்கிறார்கள். சுருக்கும் வழி வேறாக இருக்கும்போது பிட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தரத்தைத் தீர்மானிப்பது சரியல்ல.

தியேட்டர் பலகையிலிருந்து டிஸ்க்குக்கு

தமிழ்நாட்டில் டி.டி.எஸ். என்ற மூன்று எழுத்துக்கு அறிமுகம் தேவையில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சிற்றூர்த் திரையரங்குகள்கூட அதைப் பலகையிலும் போஸ்டரிலும் பெரிதாகப் போட்டன. இந்த முறை திரைக்கு வந்தது 1993-ல், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ஜுராசிக் பார்க் படத்தோடு. அதற்கு முந்தைய ஆண்டு பேட்மேன் ரிட்டர்ன்ஸ் படத்தில் டால்பி டிஜிட்டல் வந்திருந்தது. டால்பி தன் ஒலித்தரவைப் படச்சுருளிலேயே, பற்சக்கரத் துளைகளுக்கு இடையிலுள்ள சிறு இடங்களில் அச்சடித்தது. டி.டி.எஸ். வேறு வழியில் போனது. ஒலி தனியாக ஒரு குறுந்தகட்டில் வரும். படச்சுருளில் நேரக்குறி மட்டும் அச்சாகியிருக்கும். புரொஜெக்டர் அறையில் இருந்த கருவி அந்தக் குறியைப் படித்து, தகட்டில் அதே நொடிக்குரிய ஒலியை எடுத்து ஓட்டும். 1996-ல் வந்த கருப்பு ரோஜா டி.டி.எஸ். ஒலியோடு வெளியான முதல் தமிழ்ப்படமாகச் சொல்லப்படுகிறது.

தியேட்டரில் பெற்ற பெயரோடு டி.டி.எஸ். வீட்டுக்குள் வந்தது. டி.வி.டி.யில் அது விருப்பத்துக்கு விடப்பட்ட கூடுதல் தடம். புளூ-ரே வந்தபோது நிலைமை மாறியது. எல்லா புளூ-ரே பிளேயர்களும் அடிப்படை டி.டி.எஸ்.ஸைப் படித்தாக வேண்டும் என்று விதி ஆனது. கூடவே டி.டி.எஸ்.-எச்.டி. மாஸ்டர் ஆடியோ என்ற இழப்பில்லாத வடிவமும் பரவியது. இதன் அமைப்பு சுவாரசியமானது. நடுவில் பழைய டி.டி.எஸ். தடம் முழுதாக இருக்கும். அதற்கும் மூல ஒலிக்கும் உள்ள வித்தியாசம் மேலே ஒரு பொதியாகச் சேர்க்கப்பட்டிருக்கும். புதிய கருவி இரண்டையும் சேர்த்துப் படிக்கும், பழைய கருவி நடுத்தடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆனால் டி.டி.எஸ்.ஸே தெரியாத டிவிக்கு இரண்டும் ஒன்றுதான். டிஸ்க்கிலிருந்து கணினியில் பிரதி எடுக்கப்படும் எம்.கே.வி. கோப்புகள் இந்தத் தடங்களை அப்படியே சுமந்து வருவதால், பென் டிரைவ் படங்களில் டி.டி.எஸ். அடிக்கடி தட்டுப்படுகிறது.

டிவிகள் ஏன் கைவிட்டன

டி.டி.எஸ். டிகோடரை ஒரு டிவியில் வைக்க, அதன் உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்துக்குக் கட்டணம் தர வேண்டும். ஒரு டிவிக்குச் சிறு தொகையாகத் தெரிந்தாலும் கோடிக்கணக்கில் தயாரிப்பவர்களுக்கு அது பெரிய செலவு. டால்பிக்கும் உரிமம் உண்டு. ஆனால் டால்பியை விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் டிஜிட்டல் ஒளிபரப்புத் தரமே டால்பி டிஜிட்டலை ஒலிமுறையாக ஏற்றிருந்தது. பிறகு வந்த நெட்ஃப்ளிக்ஸ், அமேசான் பிரைம் போன்ற சேவைகள் சூழொலியை டால்பி டிஜிட்டல் பிளஸ் முறையில் அனுப்புகின்றன. இணையத்தில் வரும் டால்பி அட்மாஸும் பெரும்பாலும் அதன் மேல்தான் ஏறி வருகிறது. டால்பி இல்லாத டிவியில் இந்தச் சேவைகளின் சூழொலி கிடைக்காது. டி.டி.எஸ்.ஸோ ஒளிபரப்பில் வேர்விடவில்லை, இணையச் சேவைகளிலும் அரிதாகவே வந்தது. அது தேவைப்பட்ட இடங்கள் இரண்டு: டிஸ்க் பிளேயர், பென் டிரைவ். முதலாவதின் சந்தை சுருங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று தயாரிப்பாளர்கள் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இந்தியா போன்ற நாடுகளில் பென் டிரைவ் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் சிறிய எடைதான் பெற்றிருக்கும்.

சாம்சங் தன் 2018-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து டி.டி.எஸ்.ஸை நீக்கியது. எல்ஜி 2020-ல் தன் ஓ.எல்.இ.டி. டிவிகளிலிருந்து எடுத்துவிட்டு, 2023-ல் சில மாடல்களில் திரும்பக் கொண்டுவந்தது. சோனி டிவிகளில் அது பொதுவாகத் தொடர்ந்தது. ஆகவே நிறுவனத்தின் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. மாடல் எண்ணும் ஆண்டும் வேண்டும். டிவியின் மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. உரிமம் இல்லாமல் விற்கப்பட்ட டிவிக்குப் பின்னாளில் ஒரு மென்பொருள் புதுப்பிப்பு டிகோடரைக் கொண்டுவருவது வழக்கமில்லை. தொழிற்சாலை நிலைக்கு ரீசெட் செய்வதால் வைஃபை கடவுச்சொல்லை மறுபடி தட்டும் வேலைதான் மிஞ்சும்.

இதே கதை கைபேசியில் முன்பே நடந்தது. இந்தியாவில் பரவலாக இருந்த எம்எக்ஸ் பிளேயர் உரிமப் பிரச்சினையால் டி.டி.எஸ்., டால்பி டிகோடர்களை நீக்கியபோது, படம் ஓடி ஒலி நின்றது. பயனர்கள் தனியாக ஒரு கோடெக் கோப்பை இறக்கி இணைத்துக்கொண்டார்கள். டிவியில் அப்படி வெளியிலிருந்து ஒன்றைச் செருக வழி இல்லை.

எது என்று கண்டுபிடிப்பது

முதலில் செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. படம் ஓடும்போது ரிமோட்டில் ஒலித்தடத்தை மாற்றும் வசதியைத் தேட வேண்டும். அது பெரும்பாலும் அமைப்புப் பட்டியலில் "Audio Track" அல்லது "Audio Language" என்ற பெயரில் இருக்கும். பல மொழி ஒலிகள் சேர்ந்த கோப்பில் முதல் தடம் டி.டி.எஸ்.ஸாகவும் இரண்டாவது ஏ.ஏ.சி.யாகவும் இருக்கலாம். மாற்றியவுடன் வேறு மொழியில் பேச்சு கேட்டால், காரணம் தடத்தின் ஒலிமுறைதான் என்பது அப்போதே உறுதியாகிவிடும்.

கோப்பின் பெயரும் துப்பு தரும். பெயருக்குள் `DTS` அல்லது `DTS-HD` என்று இருந்தால் சந்தேகம் பலப்படும். `DD5.1` என்றால் டால்பி டிஜிட்டல், `DDP5.1` என்றால் டால்பி டிஜிட்டல் பிளஸ், `AAC` என்றால் ஏறக்குறைய எல்லா டிவியிலும் ஓடும் முறை. ஆனால் பெயரை எழுதியது மனிதர்; தவறாகவும் எழுதியிருக்கலாம். கணினியில் வி.எல்.சி. பிளேயரில் படத்தைத் திறந்து Ctrl+J அழுத்தினால் ஒவ்வொரு தடத்தின் கோடெக்கும் தெரியும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இதைவிடத் தெளிவாகக் காட்டும். வி.எல்.சி.யில் ஒலி ஒழுங்காகக் கேட்பதை வைத்துக் கோப்பு டிவிக்கும் ஏற்றது என்று முடிவுகட்டக் கூடாது. வி.எல்.சி. தனக்கு வேண்டிய டிகோடர்களைத் தன்னோடே எடுத்துவருகிறது. கணினியிலோ டிவியிலோ என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. எனினும் அங்கே ஒலி கேட்டால் கோப்பு கெட்டுப்போகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இதற்கு நேர்மாறான ஒரு குறையும் உண்டு, இரண்டையும் குழப்பக் கூடாது. பின்னணி இசையும் மழையும் கேட்கின்றன. வசனம் மட்டும் கேட்பதில்லை அல்லது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக வருகிறது. அப்போது டிகோடர் வேலை செய்கிறது. 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில்தான் இருக்கும். ஆறு தடங்களை டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்குக் கலந்து தரும்போது நடுத்தடம் விடுபட்டிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. டிவி அல்லது சவுண்ட்பாரின் ஒலி அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பார்ப்பது இதற்கு வழி. முழு அமைதி வேறு, வசனம் மட்டும் காணாமல்போவது வேறு.

ஒலியை மட்டும் மாற்றுவது

கோப்பைப் பேசவைக்க நிலையான வழி, டி.டி.எஸ். தடத்தை டிவிக்குத் தெரிந்த ஒன்றாக மாற்றுவது. இங்கே பலர் தேவையில்லாத வேலை செய்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு கன்வெர்ட்டரில் படத்தைப் போட்டு, காட்சி, ஒலி இரண்டையும் புதிதாக எழுதவிடுகிறார்கள். மணிக்கணக்கில் ஓடி முடியும்போது காட்சியின் தரமும் கொஞ்சம் குறைந்திருக்கும். காட்சியில் எந்தக் குறையும் இல்லாதபோது அதைத் தொடவே கூடாது. காட்சியைப் பிட் பிசகாமல் அப்படியே பிரதி எடுத்து, ஒலியை மட்டும் மாற்றினால், சாதாரண மடிக்கணினியிலேயே வேலை சில நிமிடங்களில் முடியும்.

இதற்குரிய கருவி எஃப்.எஃப்.எம்பெக். இலவசமானது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கட்டளை தட்டத்தான் வேண்டும், ஆனால் இரண்டே கட்டளைகள். padam.mkv என்ற கோப்பு இருப்பதாகக் கொண்டால், முதல் கட்டளை உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறது:

```
ffprobe -hide_banner padam.mkv
```

வரும் பதிலில் கீழ்க்கண்டதுபோல் வரிகள் இருக்கும்:

```
Stream #0:0: Video: hevc (Main 10)
Stream #0:1(tam): Audio: dts (DTS), 48000 Hz, 5.1(side), 1536 kb/s
Stream #0:2(tel): Audio: aac (LC), 48000 Hz, stereo
Stream #0:3(eng): Subtitle: subrip
```

எண்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன. காட்சி ஒன்று, தமிழ் ஒலி டி.டி.எஸ்.ஸில், தெலுங்கு ஒலி ஏ.ஏ.சி.யில், ஆங்கில சப்டைட்டில் ஒன்று. டிவியில் ஊமையானது தமிழ்த்தடம். தெலுங்குக்கு மாற்றினால் பேசும். எனவே தமிழ்த்தடத்தை மட்டும் டால்பி டிஜிட்டலுக்கு மாற்றி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட வேண்டும்:

```
ffmpeg -i padam.mkv -map 0 -c copy -c:a:0 ac3 -b:a:0 640k padam-ac3.mkv
```

இதில் `-map 0` எல்லாத் தடங்களையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் கருவி ஒரே ஓர் ஒலித்தடத்தை மட்டும் தேர்ந்துகொண்டு தெலுங்கைக் கைவிட்டுவிடும். `-c copy` என்பது எதையும் மாற்றாமல் பிரதி எடு என்ற பொது ஆணை. அதற்கு விதிவிலக்காக `-c:a:0 ac3` என்பது முதல் ஒலித்தடத்தை மட்டும் டால்பி டிஜிட்டலாக எழுதச் சொல்கிறது. `640k` என்பது நொடிக்கு 6,40,000 பிட்டுகள். அந்த முறையில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு. இரண்டரை மணி நேரப் படத்தில் டி.டி.எஸ். தடம் ஏறக்குறைய 1.7 ஜி.பி. இருக்கும், மாற்றியபின் 0.7 ஜி.பி. ஆகும். கோப்பு ஒரு ஜி.பி. இளைத்திருப்பதைப் பார்த்து ஏதோ தொலைந்துவிட்டதென்று பயப்பட வேண்டாம்.

வீட்டில் சவுண்ட்பாரோ ஹோம் தியேட்டரோ இல்லை, டிவியின் சொந்த ஸ்பீக்கர்தான் என்றால் 5.1-ஐக் காப்பாற்றுவதில் பயன் இல்லை. நேராக ஸ்டீரியோவாக மாற்றிவிடுவது நல்லது. கலப்பதை டிவியின் தயவுக்கு விடாமல் இங்கேயே முடித்துவிடலாம். அதற்கு ஒலிக்குரிய பகுதி இப்படி இருக்கும்:

```
-c:a:0 aac -b:a:0 192k -ac:a:0 2
```

கட்டளை தட்ட விரும்பாதவர்கள் அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் காட்சிக்கு "Copy" என்றும் ஒலிக்கு ஏ.சி.3 என்றும் தேர்ந்து சேமிக்கலாம். பின்னணியில் நடப்பது இதே வேலைதான்.

மாற்றிய கோப்பை முதலில் கணினியின் வன்தட்டிலேயே உருவாக்கி, பிறகு பென் டிரைவில் ஏற்றுவது நல்லது. பென் டிரைவிலிருந்து படித்து அதிலேயே எழுதினால் வேலை நத்தையாய் நகரும். ஏற்றும்போது கோப்பு மிகப் பெரிதென்று கணினி மறுத்தால், அது ஒலியோடு தொடர்பில்லாத பிரச்சினை. ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்ட பென் டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் ஏறும். மூலக்கோப்பை அழிக்காமல் ஓரிடத்தில் வைத்திருப்பதும் அவசியம். இழப்பில்லாத டி.டி.எஸ்.-எச்.டி. தடத்தை டால்பி டிஜிட்டலாக மாற்றும்போது போனது போனதுதான். பின்னாளில் நல்ல ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் மூலம் தேவைப்படும். 7.1 தடமாக இருந்தால் அது 5.1-ஆகச் சுருங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும், டால்பி டிஜிட்டலின் எல்லை அதுதான்.

மாற்றாமல் பார்க்க

ஒவ்வொரு படத்தையும் மாற்றிக்கொண்டிருக்க மனமில்லாதவர்கள், டிவியின் பிளேயரை ஒதுக்கிவிட்டு வேறொன்றை ஓட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு டிவி அல்லது கூகுள் டிவி இயங்குதளம் உள்ள டிவியில் வி.எல்.சி. அல்லது கோடி செயலியை நிறுவினால், டிவியில் டிகோடர் இல்லாவிட்டாலும் அவை தாமே விரித்துத் தரும். சாம்சங், எல்ஜி டிவிகளின் இயங்குதளம் வேறு என்பதால் ஆண்ட்ராய்டு செயலிகள் அவற்றில் ஏறாது. அங்கே யு.எஸ்.பி. துளை உள்ள ஓர் ஆண்ட்ராய்டு பெட்டியை எச்.டி.எம்.ஐ.யில் இணைக்கலாம், அல்லது மடிக்கணினியை இணைத்து அதில் வி.எல்.சி.யை ஓட்டலாம். இரண்டிலும் ஒலி வெளியீடு பி.சி.எம். என்று இருக்க வேண்டும். விரிக்காமல் அப்படியே அனுப்பும் "Passthrough" அமைப்பில் இருந்தால், டி.டி.எஸ். மறுபடி டிவியின் கையில்தான் போய்ச் சேரும், மறுபடி அமைதிதான்.

சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் ஏமாறும் இடமும் இதுதான். சவுண்ட்பாரின் பெட்டியில் டி.டி.எஸ். முத்திரை இருக்கிறது, பென் டிரைவ் டிவியில் செருகப்பட்டிருக்கிறது. ஒலி டிவியைக் கடந்துதான் சவுண்ட்பாருக்குப் போக வேண்டும். டி.டி.எஸ்.ஸை ஏற்காத டிவி அதை விரிப்பதுமில்லை, பல மாடல்களில் கைமாற்றி அனுப்புவதுமில்லை. ஆண்ட்ராய்டு பெட்டியையோ டிஸ்க் பிளேயரையோ சவுண்ட்பாரின் எச்.டி.எம்.ஐ. துளையில் நேராக இணைத்தால், டிவியைத் தாண்டாமல் ஒலி போய்விடும்; டிவிக்குப் போவது காட்சி மட்டும். இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு கோளாறு நடக்கும். டிவிக்கு டி.டி.எஸ். தெரியும், அது விரிக்காமல் சவுண்ட்பாருக்கு அனுப்புகிறது, சவுண்ட்பாருக்குத் தெரியாது. அப்போது டிவியின் ஒலி வெளியீட்டைப் பி.சி.எம்.முக்கு மாற்றினால் போதும்.

டி.டி.எஸ். தவிர வேறு சில முறைகளும் இதே அமைதியை உண்டாக்கும். புளூ-ரேயில் வரும் டால்பி ட்ரூஎச்.டி.யை டிவிகள் பென் டிரைவிலிருந்து விரிப்பது அரிது. மீடியாஇன்ஃபோவில் அது `MLP FBA` என்று தெரியும். டிஸ்க்கில் இதற்குத் துணையாக ஒரு சாதாரண டால்பி தடமும் இருக்கும். பிரதி எடுத்தவர் இடத்தை மிச்சப்படுத்த அதை விட்டுவிட்டிருந்தால் கோப்பு ஊமையாகிறது. மலிவு விலைச் சிறு புரொஜெக்டர்களில் நிலைமை இன்னும் மோசம். பல கருவிகளில் டால்பி உரிமமே இருக்காது, அதனால் மேலே சொன்ன மாற்றத்தில் டால்பி டிஜிட்டலைத் தேர்ந்தால் பயனில்லை, ஏ.ஏ.சி. ஸ்டீரியோதான் அங்கே ஓடும்.

புதிதாக டிவி வாங்குபவர்கள் விளம்பரத் தாளை நம்ப வேண்டாம். அதில் டால்பி முத்திரை பெரிதாக இருக்கும், டி.டி.எஸ். இல்லை என்பதை யாரும் அச்சடிப்பதில்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் மாடல் எண்ணுக்குரிய கையேட்டில், யு.எஸ்.பி.யில் ஓடக்கூடிய ஒலி, காட்சி முறைகளின் அட்டவணை ஒன்று இருக்கும். அதில் எம்.கே.வி. வரிசையில் டி.டி.எஸ். என்ற எழுத்து உண்டா என்று பார்க்க வேண்டும். அதைவிட நிச்சயமான சோதனை, டி.டி.எஸ். தடம் மட்டும் உள்ள ஒரு சிறு கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோய், கடையில் பில் போடும் முன் அந்த மாடலிலேயே ஓட்டிப் பார்ப்பது.